இடித்த தியேட்டர் எதிரில், ஐசி வேலை

எங்கள் கடையில் ஸ்க்ரூடிரைவர் அவர் கையில், எழுத்து என் கையில். கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்ட வேலை அது. போனில் போடுகிற கடைப் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது, மேப்பில் என்ன போடுவது, எல்லாம் நான்தான். அவருக்கு எழுதவே வராது. "மொபைல் சர்வீஸ் செய்யப்படும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, ஏதோ காவியம் படைத்த மாதிரி உட்கார்ந்திருப்பார்.

கடை சிம்மக்கல்லில், மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே நுழைகிற ஒரு சந்துக்குள் இருக்கிறது. கதவு எண்ணைச் சொன்னால் தபால்காரரே தலையைச் சொறிவார். ஆனால் அந்த இடித்த தியேட்டரின் பேரைச் சொல்லி "எதிர்ச் சந்து" என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார். அங்கே இப்போது தியேட்டரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, துணிக்கடை நிற்கிறது. ஊர்க்காரர்கள் வாயில் மட்டும் இன்னும் தியேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் தேடுகிறவர்களும் அப்படித்தான் தட்டுகிறார்கள். அதனால் முகவரியில் கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, படத்தின் கீழே "தியேட்டர் எதிர்ச் சந்து" என்பதையும் சேர்த்தேன்.

இதெல்லாம் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் பேராசை பிடித்து, கடைப் பெயரோடு தல்லாகுளம், பசுமலை, அது இது என்று ஊரையே ஒட்டவைத்தேன். மேப்பில் கடையையே தூக்கிவிட்டார்கள். வாசல் போர்டில் இருக்கிற பெயரைத் தவிர ஒரு எழுத்து கூடக் கூடாதாம். கெஞ்சிக் கூத்தாடி, கடை வாசலை வீடியோ எடுத்து அனுப்பித்தான் திரும்ப வாங்கினேன். அப்புறம் புத்தி வந்தது. முதல் வரியில் என்ன கடை, எந்த ஏரியா. அடுத்து முகவரி, அடையாளம். அப்புறம் நேரம், அதில் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக மூடியிருக்கும் என்பது. கடைசியாக என்னென்ன வேலை. தமிழிலும் எழுதினேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள் பாதிப் பேர், அவர்களுக்காக அப்படியும் எழுதினேன். எங்கே போட்டாலும் முகவரியும் நேரமும் ஒரே மாதிரி இருக்கும்.

வேலைகளில் முதலில் இருந்தது "போர்டு வேலை, ஐசி மாற்றுதல்". அந்த வரிதான் எங்கள் சோறு. டிஸ்ப்ளே மாற்ற முக்குக்கு முக்கு கடை இருக்கிறது. போனுக்குள் போர்டில் ஒட்டியிருக்கிற அந்த எறும்புத்தலை அளவு சில்லைச் சூடுகாட்டி எடுத்து, வேறு வைக்கிறவர்கள் எத்தனை பேர்? தல்லாகுளத்துக் கடைக்காரர்களே செத்த போன்களைப் பையில் போட்டு அனுப்புவார்கள். "பாய் பாத்துக்கிருவாரு" என்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்குத்தான் கர்வம் தலைக்கு ஏறும். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணைக்கூட எடுக்கமாட்டார்.

அவர் கை நடுக்கம் முதலில் டீ கிளாசில்தான் தெரிந்தது. சாசரில் டீ சிந்திக்கொண்டே இருந்தது. தூக்கம் பத்தவில்லை என்று நினைத்தேன், நாலு வார்த்தை திட்டவும் செய்தேன். டாக்டர் நரம்பு வியாதி என்று வேறு பேர் சொன்னார். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் கை சொன்னபடி கேட்கும், அப்புறம் கேட்காது, போகப்போகப் பார்க்கலாம் என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் குடித்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தோம். அப்போதுதான் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு மனிதர் வந்தார். பஸ் ஏறி, பெரியார் நிலையத்தில் இறங்கி, கையில் ஒரு இரவல் போனில் நான் எழுதியதைக் காட்டிக்கொண்டே கடையைக் கண்டுபிடித்து வந்திருந்தார். அவருடைய போன் சார்ஜ் ஏறவில்லை. வேறு எங்கோ போர்டு போச்சு என்று சொல்லிவிட்டார்களாம்.

"நீங்க ஐசி மாத்துவீகன்னு போட்ருந்துச்சு பாய். அதான் நேரா இங்கிட்டு வந்துட்டேன்."

என் வீட்டுக்காரர் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார். நான் கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு காட்டினார், சில்லு இளகியது. இடுக்கியால் தூக்குகிற அந்த ஒரு நொடியில் கை ஆடிவிட்டது. சில்லோடு சேர்ந்து அதன் அடியில் போர்டில் இருந்த, கரண்ட் போகிற செம்புப் புள்ளிகளும் பிய்ந்து வந்துவிட்டன. கம்பி இழுத்து ஒட்டவைக்கலாம், முடியாத காரியமில்லை. ஆனால் அது இன்னும் நுணுக்கமான வேலை. அவர் மறுபடி மறுபடி முயன்றார். பிறகு இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, என் கையால போயிருச்சு. வேற போன் வாங்கித் தாரேன்" என்றார்.

அந்த மனிதர் அவர் கையையே பார்த்தார். "விடுங்க பாய். மொதல்ல ஒடம்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, செத்த போனை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். நாலு வசவு வைதிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தார். "இந்தா, அந்த வரிய எடுத்துரு."

எனக்கு வந்ததே கோபம். "எந்த வரிய? அத எடுத்துட்டா நம்ம கடைல என்ன இருக்கு? பாக்கி வேலையத்தான் ஊரே பாக்குதே! வர்ற போர்டு வேலைய வேற கடைக்கு அனுப்பி வாங்கிக் குடுப்போம். எல்லாரும் அப்பிடித்தான செய்றாக?"

"என்னையத் தேடி வாராக. அடுத்தவன் வேலையக் காட்டவா?"

"இடிச்ச தியேட்டரையே இன்னும் போட்டு வச்சிருக்கோம். இது மட்டும் கிடந்தா என்னவாம்?"

அவர் சிரித்துவிட்டார். "தியேட்டர் இல்லேன்னாலும், அதத் தேடி வந்தா எதுத்தாப்புல கடை இருக்கு. இதத் தேடி வந்தா என்ன இருக்கு, சொல்லு?"

நான் போனை எடுத்தேன். மேப்பில் அழித்தேன், ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் தேடித்தேடி அழித்தேன். டிஸ்ப்ளே, பேட்டரி, ஸ்பீக்கர், டெம்பர் கிளாஸ் என்று மிச்சத்தை மட்டும் விட்டேன். நேரத்தையும் மாற்றச் சொன்னார். காலை பதினொன்று முதல் ஒன்று, மாலை நாலு முதல் ஏழு. பார்க்கிறவர்களுக்கு அது கடை நேரம். எங்களுக்கு அது மாத்திரை வேலை செய்கிற நேரம். தட்டிக்கொண்டே அழுதேன். "ஸ்கிரீன் நனையுது புள்ள" என்றார்.

இப்போதும் கடை நடக்கிறது. ஸ்க்ரூ கழற்றி மாட்டுகிற வேலைகளை அவர் செய்கிறார். குட்டி ஸ்க்ரூக்களை நான் பொறுக்கி வைக்கிறேன். தல்லாகுளத்துப் பைகள் வருவதில்லை.

மேப்பில் எங்கள் கடைக் கணக்குக்குள் போனால், என்ன தட்டி எங்களைக் கண்டுபிடித்தார்கள் என்று காட்டும். மாதாமாதம் பார்ப்பேன். போன வாரம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னத்தத் தேடி வாராக இப்ப?" என்று கேட்டார்.

முதல் வரியில் "சிம்மக்கல் ஐசி வேலை பாய் கடை" என்று இருந்தது. ஊருக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

"டிஸ்ப்ளேதான்" என்றேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து, மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றி, லென்சைத் துடைத்து, மறுபடி உறையைப் போட்டார்.