ஒற்றை மூக்கில் வந்த கறுப்பு

பெங்களூர் பீன்யாவின் பட்டறைகளில் எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் மூக்கைச் சிந்தினால் கறுப்பாகத்தான் வரும். சக்கரத்திலிருந்து பறக்கிற தூசி அது. ஆதிகேசவனுக்குக் கைக்குட்டை வெள்ளையாக இருந்தால்தான் சந்தேகமே வரும்.

சர்க்கரை வியாதியும் இருந்தது. தலை சுற்றுகிற அன்று மட்டும் மாத்திரை போடுவான். மற்ற நாட்களில் வியாதி தன் மேல் மரியாதை வைத்து ஒதுங்கி நிற்பதாக அவனுக்கு நினைப்பு!

1999 ஆயுத பூஜைக்கு மெஷின்களைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு, முதலாளி வாரம் முழுக்கப் பட்டறையைப் பூட்டினார். பொரியோடு கொடுத்த மைசூர்பாகை ஜீவனஹள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரும்பகுதியை ஆதிகேசவனே தீர்த்துக்கட்டினான். அடுத்த நாளே வலது கன்னத்தில் வலி. பல் வலி என்று மருந்துக்கடை மாத்திரையை விழுங்கினான். சவரம் செய்யும்போது கன்னத்தில் பிளேடு கிழித்து ரத்தம் வந்தது; கிழித்ததே தெரியவில்லை. தோல் மரத்துக் கிடந்தது. அதற்கும் பெங்களூர்க் குளிரைக் காரணம் சொன்னான்.

அவன் துண்டைத் துவைக்க எடுத்த மனைவி வேதநாயகிதான் அதைப் பார்த்து நின்றாள்.

"இன்னாய்யா இது, கறுப்பு?"

"பட்டறைத் தூசி. புதுசா பாக்கற மாதிரி கேக்கற."

"பட்டறை பூட்டிக் கிடக்குது. தூசி எங்கிருந்து வரும்? அதுவும் வலது மூக்குல மட்டும்?"

ஆதிகேசவனுக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் காலையில் வலது கண் வீங்கி இமை தொங்கியது. எதிரே இரண்டு வேதநாயகி நின்றார்கள். கோபமெல்லாம் போய் பயம் பிடித்தது. பக்கத்து வீட்டு டென்சில் ஆட்டோவை எடுத்து வந்து, இருவரையும் பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கினான்.

காது மூக்கு டாக்டர் அனுஷா மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே சதை கறுத்திருந்தது. கருவியால் தொட்டால் வலிக்கவுமில்லை, ரத்தம் வரவுமில்லை. வாயைத் திறக்கச் சொன்னார். மேல் அண்ணத்திலும் ஒரு கறுப்புத் திட்டு. ரத்தத்தில் சர்க்கரை நானூறுக்கு மேல். கறுத்த சதையில் கொஞ்சம் எடுத்து அப்போதே மைக்ராஸ்கோப்புக்கு அனுப்பினார். மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது.

"இது பூஞ்சை. மண்ணுல, காத்துல எங்கயும் இருக்கறதுதான். நல்ல உடம்பு சமாளிச்சிடும். சர்க்கரை இவ்வளவு ஏறின உடம்புல அது ரத்தக்குழாய்க்குள்ள புகுந்து அடைச்சிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுத்துடும். ரத்தமே போகாத எடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? வெட்டித்தான் எடுக்கணும். இன்னைக்கே."

"ஆம்பூர்லருந்து அண்ணன் நாளைக்கு வந்துடுவார் மேடம். எங்க வீட்ல அவரைக் கேக்காம எதுவும் செய்யறதில்ல" என்றான் ஆதிகேசவன்.

"கண் ஓரத்துக்கு வந்துடுச்சு. நாளைக்குள்ள கண்ணு போகலாம். அப்புறம் மூளை. உங்க அண்ணனுக்காக இது நிக்காதுங்க."

ஆதிகேசவன் தலையைக் குனிந்துகொண்டான். கல்யாணமானதிலிருந்து கணவனின் அண்ணன் முன்னால் குரல் உயர்த்தாத வேதநாயகி, "எங்க கையெழுத்து போடணும் மேடம்?" என்றாள். "அவர் வந்து என்னைத் திட்டட்டும். திட்டறதைப் பாக்க இவருக்குக் கண்ணு இருக்கணும்."

இன்சுலினும் சலைனும் ஏற்றி, சாயங்காலமே அறுவை சிகிச்சை நடந்தது. அண்ணத்தில் ஒரு துண்டு போயிற்று. பூஞ்சைக்கான மருந்து நரம்பு வழியாக இறங்கும்போதெல்லாம் கட்டிலே ஆடும்படி குளிர் நடுக்கம் வந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து என்று நாள்தோறும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மிச்சமிருந்த கறுப்பைச் சுரண்ட இன்னொரு தடவை உள்ளே கொண்டுபோனார்கள். ஆம்பூர் அண்ணன் வந்தார். திட்டவில்லை, வேதநாயகிக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார்.

மெல்ல வீக்கம் வடிந்தது. இமை தானாக ஏறியது. அண்ணத்து ஓட்டைக்குப் பல் டாக்டர் ஒரு தகடு செய்து பொருத்த, காபி மூக்கு வழியாக வராமல் வயிற்றுக்குப் போயிற்று. ஆதிகேசவனுக்குப் பழைய வாயும் திரும்பிவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டதே, ஊசியை நிறுத்தி மாத்திரை கொடுக்கக்கூடாதா என்று நர்சுகளோடு மல்லுக்கு நின்றான்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலுக்குத் தும்கூர்ப் பக்கத்து விவசாயி கோவிந்தப்பா வந்தார். அதே வியாதி. உயிர் பிழைத்துவிட்டார், இடது கண் இருந்த இடத்தில் கட்டு.

வலி தொடங்கி எத்தனை நாளில் வந்தாய் என்று அவர் கன்னடத்தில் கேட்டார். நான்காம் நாள் என்றான் ஆதிகேசவன்.

கோவிந்தப்பா இடது கண் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "நான் ராகி அறுப்பு முடியட்டும்னு ஒரு வாரம் இருந்துட்டேன்" என்றார்.

சாப்பாட்டுக்கு முன்னால் நர்ஸ் இன்சுலினோடு வந்தாள், இன்றைக்கும் சண்டைதான் என்கிற முகத்தோடு. அவள் வாயைத் திறப்பதற்குள் ஆதிகேசவன் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தான்.