அக்கார்டுக்கு ஆகாத சிவப்பு எண்ணெய்

புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கார் சாமான் கடையில் ஜெனட்டைக் கேட்காமல் யாரும் எண்ணெய் வாங்கிவிட முடியாது. கடை, தௌக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளியுடையது என்றாலும் அவர் கல்லாவோடு சரி. சாமான் எல்லாம் ஜெனட் கையில். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் மகள். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்த கையோடு இந்தக் கடைக்கு வந்தவள், தலை நரைக்கத் தொடங்கியும் இங்கேதான் நிற்கிறாள். நல்லவள்தான். ஆனால் வந்தவரைக் கேள்வியால் குடைந்து எடுத்துவிடுவாள். "என்ன காடி? எந்த வருஷத்துக் காரு? எண்ணெ மூடியில என்ன எழுதியிருக்கு?" என்பாள். தெரியாது என்றால், போய்ப் பார்த்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவாள். ஆள் பெரிய மனுஷன், சின்ன மனுஷன் என்றெல்லாம் அவளுக்குக் கிடையாது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு அவள் புருஷன் ஆண்ட்ரூ பத்து பெரண்டாம் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து ஜெனட் அழவில்லை. ஊர் வாயைச் சும்மா வைத்திருக்குமா? கல் நெஞ்சுக்காரி என்றது. அவள் கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. காது கேட்டது, கை வேலை செய்தது, உள்ளே மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை. சோறு வாயில் இருக்கிறதா என்று மென்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

ஆண்ட்ரூ விட்டுப்போனது ஒரு ஹோண்டா அக்கார்ட். பழசாக வாங்கி, குழந்தையைப் போல் துடைத்து வைத்திருந்தார். ஜெனட்டுக்கும் அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வேலைக்கும், குளுவாங்கில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கும் அதில்தான் போய் வந்தாள். அவர் வாசனை கொஞ்சமாவது மிச்சம் இருந்தது அந்த வண்டிக்குள்தான்.

நாற்பதாம் நாள் பூசைக்கு முதல் நாள், கொழுந்தன் கிளாரன்ஸ் வந்தான். பாயா ரும்புட்டில் பட்டறை வைத்திருப்பவன். கல்லறைக்குப் போகிற வண்டி வழியில் மக்கர் பண்ணக்கூடாது என்று, அண்ணன் மேல் இருந்த பாசத்தில், வாசலிலேயே வண்டியைத் திறந்து எல்லாவற்றையும் நிரப்பினான். ரேடியேட்டரில் தண்ணீர், பிரேக்குக்கு எண்ணெய், கடைசியாக ஸ்டியரிங் எண்ணெய். அவன் பட்டறைக்கு வருவதெல்லாம் உள்ளூர் புரோட்டான் கார்தான். அதற்குக் கியர் பெட்டிக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெயே ஸ்டியரிங்குக்கும் சரி. டிரம்மிலிருந்து போத்தலில் பிடித்து வந்திருந்தான்.

அதற்குப் பின் வாரங்கள் போகப் போக வண்டி முனகத் தொடங்கியது. திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் வயிற்றுவலிக்காரனைப் போல உறுமியது. பிறகு கீழே எண்ணெய் சொட்டியது. ஒருநாள் அவள் இரண்டு கையாலும் இழுத்தும் ஸ்டியரிங் திரும்பாமல், சந்தை முனையில் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. கிளாரன்ஸ் வந்து பட்டறைக்கு இழுத்துப்போனான்.

"சக்கரத்தத் திருப்புற ரேக்கே போச்சு அண்ணி. இதுக்கு மாத்துறது வேஸ்ட்லா. வெட்டிச் சாமானா விக்கிற ஆளு ஒருத்தர் இருக்காரு. சனிக்கெழம வர்றாரு, குடுத்துடுவோமா?"

"ம்" என்றாள் ஜெனட். ஆண்ட்ரூவின் சட்டைகளைக் கோயிலுக்குக் கொடுக்கலாமா என்று அவன் கேட்டபோதும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எண்ணெய்ப்பனைத் தோட்டத்து லாரி டிரைவர் இருளாண்டி கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, பவர் ஸ்டியரிங் எண்ணெய் ரெண்டு போத்தல் குடும்மா. ஒண்ணு எம்மக காடிக்கு. திடீர்னு கல்லு மாதிரி ஆயிருச்சி."

"என்ன காடிண்ணே?"

"சின்ன சுசுகி. ஜப்பான்ல ஓட்டுன பழசு, ரீகண்டா வந்தது."

"பானெட்டத் தொறந்து பாத்தீங்களா? எண்ணெ டப்பா இருந்துச்சா? பெல்ட்டுல ஓடுற பம்பு, அதுலேர்ந்து ஹோஸ்?"

இருளாண்டி தலையைச் சொறிந்தார். "தேடுனேன். அப்படி ஒண்ணும் காணோம்."

"அப்ப அது கரெண்டு ஸ்டியரிங்கு. மோட்டாரு தள்ளுது. அதுல எண்ணெ ஊத்த எடமே கெடையாது. பியூசு, பேட்டரி, ஒயரு, இதப் பாக்கச் சொல்லுங்க. சில கஞ்சில் காடியில எண்ணெ, மோட்டாரு ரெண்டுமே இருக்காது, வெறும் கைபலந்தான். கனமா இருக்குன்னு எல்லாத்துக்கும் எண்ணெ வாங்கக்கூடாதுண்ணே."

"நல்ல வேளம்மா. சரி, இன்னொண்ணு எங்க மேனேஜரு காடிக்கு. அதுல டப்பா இருக்கு, நானே பாத்தேன். எப்பவும் குடுக்குற செவப்பு எண்ணெயையே குடுத்துரு. அக்கார்டு."

ஜெனட்டின் வாய் தானாகப் பேசியது. இத்தனை வருஷம் பேசிப் பழகிய வாய். "அக்கார்டுக்குச் செவப்பு ஆகாதுண்ணே. ஹோண்டாவுக்கு அவுங்க எண்ணெயேதான், மூடியிலயே போட்டிருப்பான். பென்சுக்கு அதோட புத்தகத்துல சொன்னது. சில ஜெர்மன்காரனுக்குப் பச்ச. நெறத்தப் பாத்தும் வாங்கக்கூடாது, மூடிதான் பேசணும். செவப்ப ஊத்துனா மொதல்ல ஒண்ணும் தெரியாது. ரப்பர் சீல் ஊதிக் கெட்டுப்போவும். காத்து உள்ள போயி முனகும், அப்பறம் ஒழுகும், அப்பறம்…"

சொல்லிக்கொண்டிருந்தது தன் வண்டியின் கதை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருளாண்டி அவள் முகத்தையே பார்த்தார். அவள் ஹோண்டா எண்ணெயை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டு, தௌக்கேயிடம் அரைநாள் லீவு கேட்டாள். அதே எண்ணெயில் இன்னும் சில போத்தல், பம்புக்கு ஒரு சீல், குழாய் வாயில் போடுகிற ரப்பர் வளையம், எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பட்டறையில் கிளாரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவள் அக்கார்டின் ஸ்டியரிங் எண்ணெய் மூடியைத் திறந்து, வெள்ளைக் காகிதத்தை எண்ணெயில் நனைத்து அவன் முன்னால் நீட்டினாள். சிவப்பாக, நுரையோடு இருந்தது. ஹோண்டா எண்ணெய் மட்டும் என்று மூடியில் இருந்த எழுத்தை விரலால் காட்டினாள். கிளாரன்ஸ் இரண்டு தடவை படித்தான். அவன் முகம் செத்துப்போயிற்று.

"பம்பு வாயக் கழட்டு, தம்பி. ரேக்க அப்பறம் பாக்கலாம்."

பம்பைக் கழற்றிப் பார்த்தால், வளையம் ஊதி மெத்தென்று கிடந்தது. காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. புது வளையமும் சீலும் போட்டான். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்தினார்கள். எண்ணெய் திரும்பி வருகிற ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டு, இஞ்சினைப் போட்டு, ஜெனட் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். கோடியில் அழுத்திப் பிடிக்கவில்லை, தொட்டதும் திருப்பினாள். பழசு வாளியில் கொட்டி நின்றதும் இஞ்சினை அணைத்துப் புதுசை நிரப்பினார்கள். மறுபடி திருப்பினாள். சிவப்பு மங்கியது, வெளிறியது, கடைசியில் தெளிந்த எண்ணெய் வந்தது. ஹோஸை மாட்டி, காற்று போகிறவரை திருப்பி, கோடு வரைக்கும் நிரப்பினான் கிளாரன்ஸ். முனகல் நின்றிருந்தது. ரேக் அடியில் காகிதத்தை விரித்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. ஸ்டியரிங் ஒரு விரலுக்கே திரும்பியது.

"நாளைக்கு வர்ற ஆள வேணாம்னு சொல்லிடு" என்றாள்.

"சொல்லிடறேன் அண்ணி." கிளாரன்ஸ் போகாமல் நின்றான். "அண்ணி… கடையில நாளெல்லாம் இதத்தான சொல்றீங்க. அன்னிக்கு நான் ஊத்துறப்ப புனலப் புடிச்சிக்கிட்டு நீங்கதான நின்னீங்க. ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

ஜெனட் யோசித்தாள். மறைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

"செவப்புன்னு பாத்தேன் தம்பி. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அன்னிக்கு நீ ரத்தத்த ஊத்தியிருந்தாக்கூட நான் புனலப் புடிச்சிக்கிட்டுத்தான் நின்னிருப்பேன்."

கிளாரன்ஸ் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்து, எண்ணெய்க் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அண்ணன் செத்த அன்றுகூட அப்படி அழுததில்லை. ஜெனட் அவன் தோளில் கை வைத்தாள். அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குத் தானே ஓட்டிப் போனாள்.