நடந்து வந்தால்தான் கறி

இறைச்சிக்கூடத்துக் கால்நடை மருத்துவருக்கு ‘நடக்கச் சொல்லு’ என்று பட்டப்பெயர். கூடத்துக்கு வரும் மாடு, ஆடு எதுவானாலும் அவர் கண்முன் நாலு எட்டு நடந்து காட்ட வேண்டும். மூச்சு, காய்ச்சல், கண், மூக்கு எல்லாம் பார்த்த பிறகே கத்திக்கு அனுமதி. வெட்டிய பிறகு உள்ளுறுப்புகளைப் பார்ப்பார், முத்திரை அதற்கப்புறம்தான். ஊரிலுள்ள கறிக்கடைக்காரர்களெல்லாம் அவரை வாய்நிறையத் திட்டினார்கள். முன்வரிசையில் நின்று திட்டியவன் அவர் மனைவியின் தம்பி.

அந்த மச்சினன் ஒரு காலையில் வண்டியோடு வந்தான். வண்டியில் மாடு படுத்திருந்தது, மேலே போர்வை.

“நடக்கச் சொல்லு.”

“தூங்குது மாமா. ராத்திரி பூரா பயணம்.”

“பாவம், எழுந்திருக்கட்டும்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீ சொன்னார். டீ முடிந்தது, வடையும் முடிந்தது. மாட்டின் மேல் மொய்த்த ஈக்கள்தான் நடமாடின. மச்சினன் வானிலையைப் பற்றிப் பேசிப் பார்த்தான்.

கடைசியில் அவர் எழுந்துபோய், கையால் தொடாமல் குச்சியால் போர்வையை விலக்கினார். வயிறு ஊதியிருந்தது. மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் கறுப்பாக, உறையாமல் கிடந்தது. அவர் முகத்திலிருந்த கிண்டல் ஓடிப்போயிற்று.

“யாரும் கிட்ட வராதீங்க. இதை அறுக்கவே கூடாது. அடைப்பான் நோயா இருக்கலாம், அதான் ஆந்த்ராக்ஸ். திறந்தா கிருமி காத்து பட்டு விதை மாதிரி ஆயிடும், மண்ணுல வருஷக்கணக்கா சாகாது.”

“நல்லா வேக வெச்சா போயிடாதா மாமா?”

“அந்த விதை சாதாரணக் கொதிக்கு அசராதுடா. சரி, கையில என்ன அது?”

மணிக்கட்டில் கொப்புளம், நடுவில் கரிபோல் கறுப்பு, சுற்றிலும் வீக்கம்.

“வலிக்கவே இல்ல மாமா. போன வாரம் இதே பட்டியில செத்ததைத் தோலுரிச்சப்போ வந்தது.”

அடைப்பான் கொப்புளம் மனிதருக்கு வலிக்காது; அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஜீப்பில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பும்போதே கேட்டார்: “அந்தக் கறி எங்க?”

“ஐஸ்பெட்டியில இருக்கு, உங்க முத்திரைக்காக வெச்சிருந்தேன். அக்காவுக்கு மட்டும் கொஞ்சம் குடுத்தேன்.”

அவர் மாட்டின் காது ரத்தநாளத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவும், உடலைத் திறக்காமல் எரிக்கவும், பட்டியிலுள்ள மற்ற மாடுகளைப் பிரித்து வைக்கவும் ஏற்பாடு செய்துவிட்டு வீட்டுக்கு ஃபோன் போட்டார். போன வாரம் சாப்பிட்ட குழம்பெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

“தம்பி குடுத்த கறியை என்ன பண்ணின?”

“ஃபிரீசர்ல அப்படியே கிடக்கு. பையைக்கூடப் பிரிக்கல.”

“ஏன்?”

“மாடு நடந்துச்சாடான்னு கேட்டேன். பதில் சொல்லாம காபியைக் குடிச்சிட்டு ஓடிட்டான்.”

“அதைத் தொடாதே, நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தார்.