ஜெயிக்க வேண்டாத விளையாட்டு

என் மகளுக்கு எட்டு வயதானபோது அவளுக்குப் பொறுமையே கிடையாது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அபாகஸ் வகுப்பு நடத்தியவர் ஸ்டாப்வாட்சை அழுத்திய மறுநிமிடம் அவள் மணிச்சட்டத்தைக் கவிழ்த்துவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். பிறந்தநாளுக்கு என் கணவர் வாங்கித் தந்த கைக்கடக்கமான வீடியோ கேம் நான்கு நாள்தான் தாங்கியது. மேலிருந்து விழும் கட்டைகளை வரிசையாக அடுக்க வேண்டும். போகப்போக வேகம் கூடும். ஐந்தாம் நாள் அதைச் சுவரில் எறிந்தாள். பேட்டரி மூடி கட்டிலுக்கடியில் போய் விழுந்தது.

"இதுக்கு ஜாஸ்தி செல்லம் குடுத்துட்ட நீ" என்றார் கணவர். அவர் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தார். சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலை நடந்தே ஆக வேண்டும் அவருக்கு.

எனக்கு மட்டும் அந்த முடிவில் உடன்பாடில்லை. கடலூரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, வெயில் தாழ்ந்ததும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவோம். அங்கே அவள் ஈர மணலில் மதில் கட்டுவாள், வாய்க்கால் வெட்டுவாள். அலை வந்து பாதியைக் கொண்டுபோகும். அலுத்துக்கொள்ளாமல் மறுபடி கட்டுவாள். இரண்டு மணி நேரம் தலை நிமிராது. பொறுமையில்லாத பிள்ளை இப்படி உட்காருமா? யாரோ ஒருவர் இலக்கு வைத்து, நேரம் வைத்து, தோற்றுவிட்டாய் என்று சொல்வதுதான் அவளுக்கு ஆகவில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

என் தம்பி சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷக் கடைசியில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவனிடம் இதைச் சொன்னேன்.

"அக்கா, ஒரு கேம் இருக்கு. எல்லாமே சதுரக் கட்டை. மண்ணு, மரம், கல்லு எல்லாம். வெட்டலாம், அடுக்கலாம். அவ்ளோதான்" என்றான்.

அன்றைக்கே எங்கள் கம்ப்யூட்டரில் அதை ஏற்றிக் கொடுத்தான். முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. மகள் மரம் வெட்டி, பலகை செய்து, ஒரு குடிசை கட்டினாள். திரையில் இருட்டியது. பச்சையாக ஓர் உருவம் சத்தமில்லாமல் குடிசை ஓரம் வந்து நின்று வெடித்தது. பாதிச் சுவர் போயிற்று, அவளும் செத்துப்போனாள். கீபோர்டை இரண்டு கையாலும் குத்தினாள்.

"கொல்றதுக்கு யாரும் வராம வெளையாட முடியாதாடா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"முடியும்க்கா. நான்தான் யோசிக்கல" என்று புதிதாக ஓர் உலகம் திறந்தான். இந்த முறை வேறு வகை. எந்தக் கட்டையும் தீராது. ஒரே அடியில் உடையும். எந்த மிருகமும் இவளைத் தாக்காது. ஸ்பேஸ் பட்டனை இரண்டு தரம் தட்டினால் பறக்கலாம்.

"இதுல எப்டி மாமா ஜெயிக்கிறது?" என்று கேட்டாள் மகள்.

"ஜெயிக்கவே முடியாது. தோக்கவும் முடியாது."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரை பக்கம் திரும்பினாள்.

"ஜெயிக்க முடியாதுன்னா அப்புறம் எதுக்கு மச்சான் அது?" என்றார் கணவர். தம்பி சிரித்து மழுப்பினான். "அவ வெளையாடட்டும், பார்ப்போம்" என்றேன் நான்.

தினம் பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் என்று வைத்தோம். அவள் ஓர் ஆற்றங்கரையில் ஊர் கட்டத் தொடங்கினாள். ஆற்றின் குறுக்கே மணல் கட்டையால் பாலம் போட ஆசைப்பட்டாள். அந்த விளையாட்டில் மற்றக் கட்டைகள் அந்தரத்தில் நிற்கும். மணல் மட்டும் அடியில் பிடிப்பு இல்லாவிட்டால் விழுந்துவிடும். அவள் வைக்க வைக்கப் பொத்துப் பொத்தென்று தண்ணீருக்குள் விழுந்தது. கீபோர்டு போயிற்று என்றுதான் நினைத்தேன். அவள் விழுந்த மணல் மேலேயே மணலைப் போட்டு நிரப்பினாள். பாலத்துக்குப் பதிலாக ஆற்றை அடைத்து ஓர் அணை வந்தது.

"அய்ய, ஆறே நின்னுபோச்சு" என்று சிரித்தாள். மறுநாள் எல்லாவற்றையும் தோண்டி எடுத்தாள். கீழே ஒரு வரிசை கல், அதன் மேல் மணல் என்று வைத்தாள். நின்றது. யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரை இழுத்து வந்து காட்டினாள். அவர் குனிந்து பார்த்து, "கைப்பிடிச் சுவர் வெக்கலியா?" என்றார். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் வந்தது.

என் கணிப்பு சரிதான் என்ற பெருமை எனக்குத் தலைக்கேறியிருக்க வேண்டும். அடுத்த மே மாதம் தம்பி மகனுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். சிதம்பரத்தில் அவன் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மகளின் ஊரைப் பென் டிரைவில் எடுத்துப் போயிருந்தேன். பிரியாணி முடிந்ததும் தம்பியின் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து காட்டினோம். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

"அரை மணி நேரத்துல ஒரு சர்ச் கட்டிக் காமி, எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. நாற்காலிக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். சுவர் நான்கு வரிசை எழும்பியது. "இன்னும் இருவது நிமிஷந்தான் இருக்கு" என்றான் தம்பி மகன். அவள் எழுப்பிய சுவரை உடைத்தாள். பிறகு பாலத்துக்குப் பறந்துபோய் அதையும் உடைத்தாள். கல் வரிசை போனதும் மேலிருந்த மணல் எல்லாம் ஆற்றில் விழுந்தது. மவுசை மேஜை மேல் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள்.

"பாத்தியா, மறுபடியும் அதே கோவம்" என்றார் கணவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். பரங்கிப்பேட்டைப் பிரிவு ரோடு தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினேன்.

"அம்மா செஞ்சது தப்பு" என்றேன்.

அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "நீ டைம் சொன்ன ஒடனே அது உன்னோடதா ஆயிடுச்சும்மா. என்னோடது இல்ல."

ஒன்பது வயதுப் பிள்ளை இவ்வளவு தெளிவாகச் சொன்னபின் எனக்கு எதுவும் குழப்பமாக இல்லை. அன்றிலிருந்து 'எப்போ முடிப்பே' என்று அவளைக் கேட்பது, 'எப்படிக் கட்டியிருக்கா பாருங்க' என்று மற்றவர்களுக்குக் காட்டுவது இரண்டையும் விட்டேன். 'இங்க என்ன நடக்குது' என்று மட்டும் கேட்பேன். அவள் சொல்வாள், நீளமாக. ஊர்க் கோப்பு எங்கள் கம்ப்யூட்டரில் பழையபடியே இருந்தது. உடைந்தது தம்பி வீட்டு நகல்தான். ஆனால் அவளே இங்கேயும் பாலத்தை எடுத்துவிட்டு, இன்னும் அகலமாகக் கட்டினாள்.

கணக்கு டெஸ்டில் நேரம் போதவில்லை என்றால் அவள் பேப்பரையே கிழித்துவிடுவாள். பள்ளி திறந்ததும் கணக்கு டீச்சரைப் போய்ப் பார்த்தேன். "மிஸ், வாராவாரம் வெக்கிற டெஸ்டுல அவளுக்கு மட்டும் நேரம் சொல்லாம விட்டுப் பாருங்க" என்றேன். அவர் யோசித்தார். "அவளுக்கு மட்டும் எப்டிங்க? எல்லாருக்குமே சொல்லாம விட்டுப் பாக்கறேன். பெல் அடிச்சா பேப்பர வாங்கிக்கிறேன்" என்றார். மதிப்பெண் கொட்டவில்லை. ஆனால் பேப்பரைக் கிழிப்பது நின்றது. காலாண்டுப் பரீட்சையில் கடைசி வரை உட்கார்ந்து எழுதினாள், இரண்டு கணக்கை விட்டுவிட்டு. கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். இருந்தாலும், அந்தக் கோபத்தைப் பார்த்து நான் பயப்படுவது போய்விட்டது.

அந்த வருஷ மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் பார்த்தால் திரையில் ஊரைக் காணோம். வெறும் பனிமலையாக இருந்தது.

"ஊர் என்னாச்சு? முடிச்சிட்டியா?"

"முடிக்கலம்மா. பாதித் தெருவு பாக்கி இருக்கு. அப்புறம் தோணுனா போவேன்."

பக்கத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர் என்னைப் பார்த்தார். பாதியில் விட்டது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சட்டையை மடித்து வைத்துவிட்டு, நாற்காலியை அவள் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, இந்த மலையில என்ன நடக்குது, சொல்லு" என்றார்.