மேனேஜருக்குத் தெரியாம ஒரு டிரான்ஸ்ஃபர்

இப்ப நெனச்சாலும் எனக்கு ஆத்திரம் அடங்கல. கெடுக்கணும்னு செஞ்சிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன். எங்க HR அக்கா எனக்கு உபகாரம் பண்ணதா நெனச்சுக்கிட்டு இருந்துச்சு பாருங்க, அதான் வயித்தெரிச்சல்.

மலாக்கா டவுனுக்கு வெளிய ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில, தரம் பாக்குற பிரிவுல ஷிஃப்ட் வேலை எனக்கு. வீடு நியாலாஸ்ல. வீட்டுக்காரர் லோரி ஓட்டுறவர், பாதி நாள் ஜொகூர் பக்கம்தான். எனக்கு நைட் ஷிஃப்ட் வந்தா, ஒண்ணாம் வகுப்பு படிக்கிற மக தலகாணியத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடும். ஒரு நாள், “ம்மா, நம்ம வீட்டுல நான் எப்பம்மா தூங்குறது?”ன்னு கேட்டுச்சு. அந்த வாரந்தான் கம்பெனி போர்ட்டல்ல சாமான் சப்ளை பண்ற கம்பெனிங்களோட பேசுற சப்ளையர் டீமுக்கு ஆள் தேடுறாங்கன்னு பாத்தேன். ஆபீஸ் ஹவர் வேலை, நைட் ஷிஃப்ட் கிடையாது.

எங்க மேனேஜரு நம்ம தமிழருதான். எல்லாரும் அண்ணேன்னுதான் கூப்பிடுவோம். வாயைத் திறந்தா தேன் ஒழுகும். ஆனா டீமை விட்டுப் போறேன்னு யாராவது சொல்லிட்டா அவ்வளவுதான், அப்ரைசல்ல கை வச்சிடுவாரு. எனக்கு முன்னாடி கேட்ட ஒருத்தர் பட்ட பாட்ட நாங்க எல்லாரும் பாத்தோம்.

அதனால, உள்ளுக்குள்ளயே ஆள் மாத்தி எடுக்குற வேலையப் பாக்குற HR அக்காவுக்கு என் சொந்த போன்ல அடிச்சேன். ஆபீஸ் சேட்டுல எழுத பயம். கிளேபாங்ல தேங்காய் ஷேக் கடைக்கு வரச் சொன்னுச்சு. தெளிவாத்தான் சொன்னுச்சு, குத்தம் சொல்லக் கூடாது.

“சும்மா விசாரிக்கிறது என்னோட நின்னுடும்மா. போர்ட்டல்ல அப்ளை பட்டனை அமுக்கிட்டா சிஸ்டமே உன் மேனேஜருக்கு இமெயில் அனுப்பிடும், அவசரப்பட்டு அமுக்கிடாத. இப்ப பாக்குற வேலையில ஒரு வருஷம் ஆயிருக்கணும். வார்னிங் லெட்டர், வேலை சரியில்ல திருத்திக்கன்னு போடுற இம்ப்ரூவ்மெண்ட் பிளான், எதுவும் உன் மேல இருக்கக் கூடாது. செலக்ட் ஆயிட்டா அவரால தடுக்க முடியாது, விடுற தேதியத்தான் கொஞ்சம் தள்ளிப் போடலாம். முதல்ல உன் பேரைச் சொல்லாம அந்த டீம்ல கேட்டுப் பாக்குறேன்.”

“அண்ணேக்கு மட்டும் தெரியக் கூடாதுக்கா.”

“அக்காகிட்ட சொல்லிட்டல்ல, விடு லா.”

ரெண்டு நாள்ல அக்காகிட்டேருந்து, உன்ன மாதிரி ஆளத்தான் தேடுறாங்க, தீபாவளி முடிஞ்சு அப்ளை பண்ணுன்னு மெசேஜ் வந்துச்சு. மகளக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்தேன். எதுக்குன்னு அதுக்குப் புரியல.

தீபாவளிக்கு புலாவ் செபாங்ல மேனேஜர் வீட்டுல ஓப்பன் ஹவுஸ், வர்றவங்களுக்கெல்லாம் விருந்து. டீமே போகும், போகாம இருந்தா அதுக்கும் ஒரு கணக்கு வச்சுக்குவாரு. அக்காவும் வந்திருந்துச்சு. நான் மட்டன் பெரட்டல போட்டுக்கிட்டு நிக்கிறேன், என் காது கேக்கவே அவருகிட்ட சொல்லுது: “அண்ணே, தங்கச்சிய சப்ளையர் டீமுக்கு விட்டுக் குடுத்துடுங்கண்ணே. பாவம், வீட்டுல சின்னப் புள்ள.”

அவரு சிரிச்சாரு. “அதுக்கென்ன, நம்ம புள்ளதானே!”ன்னு என் தட்டுல இன்னும் ரெண்டு கறித்துண்டு அள்ளிப் போட்டாரு. சுத்தி இருந்தவங்களும் சிரிச்சாங்க. நான் தட்ட அப்படியே மேசையில வச்சுட்டேன்.

வெளிய கார்கிட்ட வச்சு அக்காவக் கேட்டேன், ஏன்க்கா இப்படிப் பண்ணீங்கன்னு.

“நம்ம அண்ணேகிட்ட எதுக்கும்மா ஒளிச்சு மறைச்சு? வெளி ஆளா? நல்ல நாளும் அதுவுமா வாயால கேட்டா மனசு எறங்கிடுவாரு. பாத்தியா, சரின்னுட்டாரு!” முகமெல்லாம் சந்தோசம் அதுக்கு. தூ!

லீவு முடிஞ்ச முதல் நாளே மேனேஜரு ரூமுக்குக் கூப்பிட்டாரு. “உன் நல்லதுக்குத்தாம்மா செய்யிறேன்.” ரிப்போர்ட் லேட்டாம், கவனம் பத்தலையாம். பரவால்லம்மான்னு அவரே அப்ப சொன்ன பழைய விசயமெல்லாம் இப்ப குத்தமா வந்து நிக்குது. என் மேல இம்ப்ரூவ்மெண்ட் பிளான் போட்டுட்டாரு. கையெழுத்துப் போடும்போதே, எந்தக் கதவை அடைக்கிறாருன்னு எனக்குத் தெரியும்.

HR-க்கு ஓடுனேன். அதே அக்கா, கழுத்துல ஆபீஸ் டேக்கு, முகத்துல ஆபீஸ் சிரிப்பு.

“ரூல் ரூல்தாம்மா. பிளான் முடியிற வரைக்கும் அப்ளை பண்ண முடியாது. அந்த இடத்துக்கும் வேற ஆளப் பாக்குறாங்க. நான் என்ன செய்ய, சொல்லு?”

“அன்னைக்குச் சாப்பாட்டுத் தட்டோட நின்னப்ப இந்த ரூல் எங்க போச்சு?”

“ஐயோ, அது குடும்பமா நெனச்சுப் பேசுனது. பிளான் முடியட்டும், திரும்ப வா. அக்கா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

நான் எந்திரிச்சேன். “சரிங்க மேடம்.”

அதுக்கு முகம் சுருங்கிப் போச்சு. “என்னம்மா, புதுசா மேடம்னு கூப்பிடுற?”

“அக்கான்னு கூப்பிட்டுத்தான் எம்புள்ள இன்னும் அடுத்த வீட்டுல படுக்குது.”