ஏணிப் பலகை

தாராவியில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிக்கு ஏறும் இரும்பு ஏணியின் வாயை மூடும் பலகையை அவன் படாரென்று போட்டான். நாங்கள் வளர்ந்ததும் இப்படி ஓர் ஏணி வீட்டில்தான்.

அப்போது அக்கா எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு மூன்று. மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். வாசலில் பிள்ளைகள் பாண்டி ஆடும் சத்தம் கேட்டதும், பலகையைப் போடாமலே இறங்கி ஓடிவிட்டேன். விழித்து வந்தவன் அந்த வழியே விழுந்தான். அவன் கால் பிறகு நேராகவே இல்லை.

உம்மா தானே மூட மறந்ததாக நம்பிவிட்டாள்.

"எழுதுனதுதான் நடக்கும், அழாத" என்றார் வாப்பா.

"புள்ள விழுந்தது அல்லாஹ்வோட நாட்டம், பொறுத்துக்கிடுதேன். மூடாத கை என்னுதுல்லா? அதை அல்லாஹ் மேல போட முடியுமா?" என்றாள் உம்மா.

அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் உம்மா கையேந்தி அந்தப் பிழைக்கு மன்னிப்புக் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, 'நான் மூடாததும் எழுதினதுதானே' என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். உம்மா மௌத்தாகிக் கண் மூடும்வரை நான் அதை வெளியே சொல்லவில்லை.

இன்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான்.

"விடு லாத்தா, என் நசீபு, என் தலையெழுத்து."

விழுந்தவன் அவன், அவன் அப்படிச் சொல்லலாம். பலகையை மறந்தது ஒரே ஒரு தடவை. உம்மா கையேந்தியபோதெல்லாம் பேசாமல் இருந்தேனே, அதை ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் நானாகத்தான் செய்தேன்.