துபாய்க்கு ஆண் குரலில் போன கடிதம்

2025 பெப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மழை இல்லை. இலங்கை மலையகத்து மடுல்சீமைப் பக்கத்துப் பனி மட்டும் வாசலில் நின்றது. எதிர்வீட்டுத் தகரக் கூரை தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் மகளின் போனில் துபாயிலிருந்து பதில் வந்தது.

மகள் துபாயில் ஒரு வட இந்தியக் குடும்பத்தில் வீட்டு வேலை செய்கிறாள். ஆறு வருடம் முடிந்துவிட்டது. அங்கே பேச்செல்லாம் இந்திதான். அவளுக்கு இந்தி தட்டுத்தடுமாறிப் பேச வரும். படிக்கவோ எழுதவோ வராது. இரண்டு மாத லீவில் வந்திருந்தாள். மார்ச் முதல் வாரம் திரும்ப எஜமானி டிக்கெட் போட்டிருந்தார். அதற்குள் என் மனைவியின் கண் ஆபரேசனுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் மார்ச் நடுவில் நாள் கொடுத்துவிட்டார்கள். கூட இருக்க மகளை விட்டால் ஆள் இல்லை. இரண்டு வாரம் கூடுதல் லீவு வேண்டும். எஜமானி முடியாது என்றால் வேலை போய்விடும். அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீடு ஓடுகிறது.

“வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டா முடிஞ்சுபோச்சுப்பா” என்று மகள் ஞாயிற்றுக்கிழமையே சொன்னாள்.

நான்தான் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவன். லீவு கேட்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். என் போனில் ஏஐ உதவியாளர் ஒன்று இருக்கிறது. தமிழில் சொன்னால் இந்தியில் எழுதித் தரும். அதை நான் மகளின் போனுக்கு அனுப்ப, அவள் எஜமானிக்கு அனுப்புவாள்.

ஞாயிறு காலை மகள் சொல்லச் சொல்லத் தட்டினேன். “அம்மாவுக்குக் கண் ஆபரேசன். நான் இரண்டு வாரம் கழித்து வருகிறேன். கட்டாயம் வந்துவிடுவேன்.” எழுதுவதற்கு முன் அது ஒரு கேள்வி கேட்டது: இந்தியில் பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து வினைச்சொற்கள் மாறும், நீங்கள் ஆணா, பெண்ணா?

எனக்கு அந்தக் கேள்வி புதிதாகப் படவில்லை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களுக்கு நான் எழுதிக் கொடுத்த பெட்டிசங்களுக்கு, மனுக்களுக்குக் கணக்கே இல்லை. கைநாட்டுப் போடுகிறவருக்காக எழுதினால், எழுதிக் கொடுத்தவர் யார் என்று கீழே காட்ட வேண்டும். ஆபீசில் முதலில் பார்ப்பது அதைத்தான். இதுவும் அப்படித்தான் கேட்கிறது என்று நினைத்தேன். எழுதுகிறவன் நான். “ஆண், வயது எழுபத்திரண்டு” என்று போட்டேன். வயதைக் கேட்கவில்லை, இருக்கட்டும் என்று சேர்த்தேன்.

ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு, மொத்தம் மூன்று மெசேஜ் போயின. இப்போது பதில். அதை என் போனுக்கு வாங்கித் தமிழில் கேட்டேன். உதவியாளர் தந்ததை மகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

“நீங்கள் யார்? இதை எழுதுவது ஓர் ஆண். அவளுடைய போன் உங்களிடம் எப்படி வந்தது? அவள் எங்கே? டிக்கெட்டை ரத்துச் செய்யச் சொல்லிவிட்டேன்.”

கடைசி வரியை மறுபடி வாசித்தேன். மகள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து நின்றுவிட்டாள். கீரை மடியிலிருந்து கொட்டியது, யாரும் பொறுக்கவில்லை.

“ஆம்பளைன்னு எப்படித் தெரிஞ்சிச்சு அவங்களுக்கு? பேர் கூட என் பேருதானே போட்டிருக்கு” என்றாள்.

எனக்கும் அதுதான் புரியவில்லை. போன் வழியாக என்னைப் பார்த்துவிட்டார்களா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். உதவியாளரிடமே கேட்டேன். அது சொன்னது: தமிழில் ‘வருகிறேன்’ என்று யார் சொன்னாலும் ஒன்றுதான். இந்தியில் ஆண் ‘ரஹா’ என்பான், பெண் ‘ரஹீ’ என்பாள். நீங்கள் ஆண் என்று சொன்னதால் ஆண் பேசுவதாக எழுதினேன். பேசுபவர் உங்கள் மகள் என்றால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்.

“அப்ப மூணு மெசேஜிலயும் நான் ஆம்பளையாப் பேசியிருக்கேன்” என்றாள் மகள்.

கட்டிலில் படுத்திருந்த என் மனைவி, “மீசையும் வச்சு அனுப்பினாரா, கேளு” என்றாள்.

“சும்மா இரும்மா. நான் பேசுற இந்தி ஓட்டை இந்தி. ரஹா, ரஹீ எல்லாம் நானும் மாத்தித்தான் சொல்லுவேன். அவங்க சிரிச்சிட்டு விட்டுடுவாங்க. இது பிழையே இல்லாம வந்திருக்கு. பிழையில்லாம ஒரு ஆம்பளை எழுதினா என்ன நினைப்பாங்க? நான் எவனோடயோ ஓடிட்டேன், இல்லாட்டி என்னை என்னமோ பண்ணிட்டாங்கன்னுதான்.”

உண்மையைத்தானே சொன்னேன், ஆண் என்று. உதவியாளர் கேட்டது என்னைப் பற்றி இல்லை. யாருடைய வாயாக எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறது.

வீட்டில் சிக்னல் சரியாக இல்லை. மெசேஜ் எப்படியோ ஊர்ந்து வரும். வீடியோ கால் எடுக்காது. மகள் செருப்பை மாட்டிக்கொண்டு மேலே கோயில் மேட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன், மூச்சு வாங்க. இரண்டு தடவை எஜமானி எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்.

மகள் அழுதுகொண்டே என்னவோ இந்தியில் சொன்னாள். அந்தப் பக்கத்துக் குரல் தணியவில்லை. சட்டென்று மகள் போனை என் பக்கம் திருப்பினாள்.

“அப்பா, நேரா நில்லுங்க. எழுதினது யாருன்னு பார்க்கணுமாம்.”

சட்டைப் பொத்தான் ஒன்று போடாமல் வந்திருந்தேன். கையால் அதை மறைத்துக்கொண்டு நின்றேன். எஜமானி என் பேத்தி வயதுப் பெண், திரையிலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சந்தேக ஆளாக அப்படி ஒருவர் என்னைப் பார்த்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. பிறகு என்னவோ கேட்டாள்.

“உங்களுக்கு இந்தி தெரியுமான்னு கேக்குறாங்க.”

“ஒரு எழுத்தும் தெரியாதுன்னு சொல்லு.”

சொன்னாள். அந்தப் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவு கிடைத்தது. ஆனால் டிக்கெட்டை ரத்துச் செய்யச் சொன்னது சொன்னதுதான். மறுபடி போடுவதற்கான கூடுதல் பணம் எங்கள் பொறுப்பு. இனி எந்த மெசேஜ் ஆனாலும் மகளே சொல்லி அனுப்ப வேண்டும் என்பது எஜமானியின் நிபந்தனை.

வீட்டுக்கு வந்ததும் மகள் என் போனை வாங்கி மைக்கை அமுக்கினாள். “இங்க பாருங்க, பேசுறது நான், பொம்பளை. இது போறது என் வீட்டு மேடத்துக்கு, அவங்களும் பொம்பளை. நன்றின்னும், எப்படி இருக்கீங்கன்னும், மார்ச் இருபத்திரண்டு வாறேன்னும் எழுதிக் குடுங்க.”

வந்ததை என்னால் சரிபார்க்க முடியவில்லை. ‘ரஹீ’ இருக்கிறதா என்று உதவியாளரிடமே கேட்டேன். இருக்கிறது என்றது. மேடத்தை நலம் விசாரிக்கும் இடத்திலும் பெண்ணுக்குரிய சொல்லையே போட்டிருப்பதாகச் சொன்னது. நம்பாமல் மறுபடி கேட்டேன். “அனுப்பிட்டேன்பா, விடுங்க” என்றாள் மகள். கொஞ்ச நேரத்தில் எஜமானியிடமிருந்து கைகூப்பும் படம் ஒன்று வந்தது. அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இப்போது பக்கத்து லயத்திலிருந்து யாராவது ஏதாவது எழுத வந்தால், விஷயத்தைக் கேட்பதற்கு முன்னால் முதல் வரியாக இதைத் தட்டிவிடுகிறேன்: பேசுபவர் இன்னார், ஆணோ பெண்ணோ; பெறுபவர் இன்னார், ஆணோ பெண்ணோ. எழுதிக் கொடுப்பவனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

டிக்கெட்டுக்குக் கூடுதலாக இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. பணம் கட்டப் பதுளைக்குப் போய்வந்த ஆட்டோ நாலாயிரம். கோயில் மேட்டில் தீர்ந்துபோன டேட்டாவுக்கு ரீலோட் ஐந்நூறு. மகள் தான் கட்டுகிறேன் என்றாள், நான் விடவில்லை. ஆக முப்பத்து மூவாயிரம் ரூபாய்.